மஞ்சள் அட்டையின் மேல் வரிசை

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் ஓர் அண்ணனும் தங்கையும் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு 13 வயது, எடை 42 கிலோ. தங்கைக்கு 6 வயது, எடை 15 கிலோ. செவிலியர் ஒரு மஞ்சள் நிற மாத்திரை அட்டையை எடுத்து, அதன் மேல் வரிசையை ஒவ்வொன்றாக அழுத்துகிறார். பையனின் உள்ளங்கையில் ஆறு விழுகின்றன.

“எல்லாத்தையும் இப்பவே முழுங்கணுமா சிஸ்டர்?”

“ஆமா தம்பி, நான் பாக்க முழுங்கணும். முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டு.”

தங்கை எட்டிப் பார்க்கிறாள். “எனக்கும் ஆறா?”

“உனக்கு மூணரை, பாப்பா.”

இருவருக்கும் தொழுநோய். இருவருக்கும் அதே மூன்று மருந்துகள்தான். அண்ணனுக்கு ஆறும் தங்கைக்கு மூன்றரையும் ஏன்? வீட்டிலேயே கொடுக்கக்கூடிய மாத்திரைகளை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இங்கே வரவழைத்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்வது எதற்காக? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த வீட்டில், பிள்ளைகளின் சிகிச்சை பாதியில் நிற்பதில்லை. இந்தக் குடும்பம் ஓர் உதாரணம்தான். அளவுகளும் நாள்கணக்கும் மருத்துவமனைகளில் நடைமுறையில் இருப்பவை.

தேமல் என்று நினைத்தது

பையனின் முதுகில் முதலில் தெரிந்தது வெளிறிய ஒரு படை. தேமல் என்று களிம்பு தடவினார்கள். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறேழு மாதத்தில் படை எட்டானது. அரிப்பு இல்லை, வலி இல்லை. அதனாலேயே யாரும் அவசரப்படவில்லை.

சுகாதார நிலையத்தில் மருத்துவர் செய்த சோதனை எளிமையானது. பால்பாயிண்ட் பேனா முனையால் தோலை மெல்லத் தொட்டுக் காட்டினார். பிறகு பையனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தொடும் இடத்தை விரலால் காட்டச் சொன்னார். நல்ல தோலில் தொட்டபோதெல்லாம் சரியாகக் காட்டினான். படையின் நடுவில் தொட்டபோது சும்மா இருந்தான். தொட்டதே அவனுக்குத் தெரியவில்லை. தேமலில் இப்படி உணர்வு போகாது.

அடுத்து முழங்கையின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுளீரென்று மின்சாரம் பாய்வது போல் இருக்குமே, அந்த நரம்பு. வலது கையில் அது கயிறு போலத் தடித்திருந்தது.

ஒருவருக்கு ஐந்து படை வரை இருந்து, பாதிக்கப்பட்ட நரம்பு ஒன்றுக்கு மேல் போகாமல், தோல் பரிசோதனையிலும் கிருமி தெரியாவிட்டால் ‘கிருமி குறைந்த வகை’. ஆறோ அதற்கு மேலோ படைகள் இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தாலோ, பரிசோதனையில் கிருமி தெரிந்தாலோ ‘கிருமி மிகுந்த வகை’. பையனுக்கு எட்டுப் படைகள். எனவே 12 மாதச் சிகிச்சை.

சிறு பிள்ளைக்கு இந்த நோய் வந்திருந்தால், சிகிச்சை எடுக்காத ஒருவர் அருகில் இருக்கிறார் என்றே பொருள். அதனால் வீட்டில் எல்லோரையும் வரச் சொன்னார்கள். தங்கையின் தொடையில் இரண்டு படைகள் இருந்தன. அவளுக்குக் கிருமி குறைந்த வகை, 6 மாதம். தாத்தாவின் காது மடல்கள் தடித்திருந்தன, இரண்டு பாதங்களிலும் உணர்வு இல்லை. “மாமா கால்ல பீடி நெருப்பு விழுந்தாக்கூட தெரியாம உக்காந்திருப்பாரு, வயசாயிடுச்சுன்னு நெனைச்சோம்” என்றார் அம்மா. பிள்ளைகளுக்கு நோய் வந்த வழி அங்கே தெரிந்தது. தாத்தாவுக்குப் பெரியவர்களுக்கான சிவப்பு அட்டை, 12 மாதம்.

மூன்று மருந்து எதற்கு

அட்டையில் இருப்பவை ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன். மூன்றும் சேர்ந்ததுதான் கூட்டு மருந்து சிகிச்சை.

ஒரு காலத்தில் டாப்சோன் மட்டுமே இருந்தது. 1940-களில் செங்கல்பட்டில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அதை ஊசி மூலம் தந்து பார்த்தார். பிறகு மலிவான மாத்திரையாக உலகம் முழுக்கப் பரவியது. பல ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுக்க, அந்த ஒற்றை மாத்திரையைத் தந்தார்கள். டாப்சோன் கிருமியை மெதுவாகத்தான் அடக்கும். ஒரே மருந்து, நீண்ட காலம், நடுநடுவே விடுபட்ட நாட்கள் என்று போனதில் கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. டாப்சோனுக்கு அடங்காத கிருமி இருப்பது 1964-ல் மலேசியாவில் உறுதியானது. அதன் பிறகுதான், ஒன்றுக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டும்படி மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1981-ல் அதைப் பரிந்துரைத்தது.

கிருமி குறைந்த வகைக்கு முன்பு ரிஃபாம்பிசினும் டாப்சோனும் மட்டுமே தந்தார்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் அந்த வகைக்கும் மூன்று மருந்துதான். தங்கைக்கும் குளோஃபாசிமின் கிடைப்பது அதனால்தான். இரு வகைக்கும் மருந்து ஒன்றே என்பதால், இனி மாறுவது சிகிச்சைக் காலம் மட்டுமே.

ஆறு, மூன்றரை: கணக்கு

பெரியவர்களின் சிவப்பு அட்டையில் மாதத்துக்கு ஒருமுறை ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம், குளோஃபாசிமின் 300 மில்லிகிராம் இருக்கும். தினமும் குளோஃபாசிமின் 50, டாப்சோன் 100. தாத்தா எடுப்பது இதைத்தான்.

10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மஞ்சள் அட்டை. அதன் மேல் வரிசையில் ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம், 300-ம் 150-மாக இரண்டு குப்பிகள். குளோஃபாசிமின் 150 மில்லிகிராம், 50-ஆக மூன்று. டாப்சோன் 50 மில்லிகிராம், ஒரு மாத்திரை. மொத்தம் ஆறு. மறுநாள் முதல் வீட்டில், தினமும் டாப்சோன் ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் குளோஃபாசிமின் ஒன்று. அண்ணனுக்கு வயதும் எடையும் பொருந்துவதால் அட்டையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

குளோஃபாசிமினைக் குறைத்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. அது எண்ணெயில் கலந்த மருந்து நிரம்பிய மென்மையான உருண்டை. கத்தியால் பாதியாக வெட்ட முடியாது. அதனால் மருந்தை வெட்டாமல் நாளை வெட்டினார்கள். பெரியவருக்குத் தினமும், பெரிய பிள்ளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், சின்னப் பிள்ளைக்கு வாரம் இரண்டு நாள். இந்த மருந்து உடலின் கொழுப்பில் தங்கி மிக மெதுவாகவே வெளியேறும் என்பதால் நடுவில் நாள் விடுவது அதன் வேலையைக் கெடுப்பதில்லை.

10 வயதுக்குக் கீழே, அல்லது 40 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள பிள்ளைகளுக்கு, எடையைப் பார்த்து மருத்துவர் கணக்கிட வேண்டும். தங்கையின் எடை 15 கிலோ. ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பதால் 150. மஞ்சள் அட்டையின் சின்னக் குப்பி ஒன்று சரியாக அதே அளவு. குளோஃபாசிமின் மாத அளவு 100 மில்லிகிராம், அதாவது இரண்டு உருண்டைகள். டாப்சோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை போகலாம். அவளுக்கு 30 வரும். 50 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக்கினால் 25 கிடைக்கும். எல்லைக்குள் இருப்பதால் மருத்துவர் அந்தப் பாதியையே தேர்ந்தார். ஒன்று, இரண்டு, அரை. இதுதான் செவிலியர் சொன்ன மூன்றரை.

வீட்டில் அவளுக்குத் தினமும் அரை டாப்சோன். குளோஃபாசிமின் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், சனிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று. நான்கு வாரத்துக்கு எட்டு உருண்டைகள். மஞ்சள் அட்டையில் இதைவிட அதிகம் இருக்கும். மிச்சத்தை அம்மாவின் கையில் கொடுக்காமல் செவிலியர் எடுத்து வைத்துக்கொள்கிறார். அவளுக்குரியதை மட்டும் தனி உறையில் போட்டு, கிழமையை எழுதித் தருகிறார்.

முதல் தடவை அம்மா கேட்டார். “எதுக்கு சிஸ்டர் அவளுக்குத் தனியா? மாமாவோட அட்டையிலயே பாதி பாதியா குடுத்துடலாமே?”

“அதுல ஒரு டாப்சோன் நூறு, அம்மா. பாப்பாவுக்கு இருபத்தஞ்சுதான். கண்ணளவுல ஒடைச்சிக் குடுத்தா ஒரு நாள் ரெண்டு மடங்கு போயிடும். மூணு பேரோடதும் மூணு எடத்துல இருக்கணும். பாப்பா கைக்கு எட்டவே கூடாது.”

அந்தக் கடைசி வாக்கியம் மிக முக்கியம். மிட்டாய் என்று நினைத்து டாப்சோன் மாத்திரைகளை அள்ளி விழுங்கிவிட்டால், சின்னப் பிள்ளையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படி நேர்ந்தால் மீதமுள்ள அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எடை மாறினால் கணக்கும் மாறும். அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் மாத்திரைக்கு முன்னால் பிள்ளைகள் எடை இயந்திரத்தில் ஏறுகிறார்கள்.

ஏன் நான்கு வாரம், ஏன் கண்ணெதிரே

தொழுநோய்க் கிருமி மிக மந்தமானது. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகும். இது இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். ரிஃபாம்பிசினோ கிருமியைக் கொல்வதில் மூன்றிலும் வலுவானது. ஒரே வேளையில் உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிடும். பலமாக அடித்த பிறகு தப்பியவை தலைதூக்க வாரங்கள் ஆகும் என்பதால், மாதம் ஒரு வேளை போதுமானதாக இருக்கிறது. சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை போய்விடுவதும் இதனால்தான். அண்ணன் மறுநாளே பள்ளிக்குப் போகலாம். தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம்.

ஆனால் மாதம் ஒரே வேளை என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தினசரி மாத்திரையில் ஒன்று விட்டால் 28-ல் ஒன்று போகும். மாத வேளை விட்டால் அந்த மாதத்தின் வலுவான அடி முழுவதும் போகும். எஞ்சிய இரண்டு மருந்துகளும் மெதுவானவை. இன்னும் கெட்டது, டாப்சோனை ஒழுங்காக எடுத்து ரிஃபாம்பிசினைத் துப்பிவிடும் பிள்ளையின் உடலில் பழைய ஒற்றை மருந்துக் காலம் திரும்புவது. அதனால்தான் மேல் வரிசையை வீட்டின் பொறுப்பில் விடாமல் செவிலியர் முன்னால் விழுங்கச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளை குப்பியை விழுங்க முடியாமல் திணறும், கன்னத்தில் ஒதுக்கிவைக்கும், வெளியே போய் வாந்தி எடுக்கும். இதெல்லாம் பார்த்தால்தான் தெரியும். தங்கையைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டே அனுப்புகிறார்கள்.

நாள்கணக்கு காலண்டர் மாதம் அல்ல, 28 நாள். ‘ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி’ என்று வைத்துக்கொண்டால் அட்டை தீர்ந்து இரண்டு மூன்று நாள் வெறுமையாகப் போகும். 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம் என்பதால், தேதியை விட்டுக் கிழமையைப் பிடித்துக்கொள்வது எளிது. இந்த வீட்டுக்கு நாலு புதனுக்கு ஒரு புதன்.

திருவிழா, தேர்வு, ஊர்ப்பயணம் என்று நாள் தவறினால் பயந்து நிறுத்திவிடக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்து மாத வேளையை எடுத்துத் தொடர வேண்டும். முடிந்ததா இல்லையா என்பதை அட்டையை எண்ணித்தான் சொல்கிறார்கள். அண்ணனுக்கு 12 அட்டைகள் 18 மாதத்துக்குள், தங்கைக்கு 6 அட்டைகள் 9 மாதத்துக்குள் முடிய வேண்டும். விட்டுப்போன தினசரி மாத்திரையை மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. விட்டது விட்டதுதான், மறுநாள் வழக்கமான அளவு.

நிலையம் வெகுதூரம் என்றாலோ, வேலைக்காக ஊர் மாறிப் போக வேண்டியிருந்தாலோ, மருத்துவர் ஒப்புதலோடு குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் அந்த மேற்பார்வையைச் செய்யலாம். யாருடைய கண் என்பது மாறலாம். யாரும் பார்க்காமல் விழுங்குவது மட்டும் கூடாது.

நான்காவது புதன்

முதல் நாளே செவிலியர் சொல்லியிருந்தார். “இன்னிக்கு ஒண்ணுக்கு செவப்பா போகும் தம்பி. ரத்தம்னு நெனைச்சி பயந்துடாத. நாளைக்கு சரியாயிடும்.” அது ரிஃபாம்பிசினின் நிறம். மாத வேளை எடுத்த நாளோடு போய்விடும்.

இரண்டாவது மாதத்துக்குள் பையனின் தோல் செம்பழுப்பாக மாறத் தொடங்கியது. படைகள் இருந்த இடம் இன்னும் கறுத்தது. இது குளோஃபாசிமினின் வேலை. உடலுக்குக் கெடுதல் இல்லை, சிகிச்சை முடிந்த பின் மாதக்கணக்கில் மெல்ல மறையும். ஆனால் பள்ளியில் கேலி தொடங்கியது. அம்மாவுக்கும், ‘அந்த மாத்திரை மட்டும் வேண்டாமே’ என்று தோன்றியது. குளோஃபாசிமின் கிருமியை அடக்குவதோடு வீக்கத்தையும் தணிக்கும் மருந்து. அதை நிறுத்தினால் என்ன இழப்பு என்பது நான்காவது அட்டை வாங்க வந்தபோது புரிந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பு பையனின் படைகள் திடீரெனச் சிவந்து தடித்தன. முழங்கை வலித்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, அம்மா எல்லா மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். சுகாதார நிலையத்துக்கு வந்ததே அதைச் சொல்லத்தான்.

செவிலியர் மாத்திரையைத் தொடும் முன், ஒவ்வொரு மாதமும் செய்வதைச் செய்தார். பையனை உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டச் சொல்லி, சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரிக்கச் சொன்னார். அதைத் தன் விரலால் உள்ளே தள்ளினார். இடது சுண்டுவிரல் எதிர்த்து நின்றது. வலது சுண்டுவிரல் தள்ளியதுமே மடங்கியது. போன மாதம் அது நின்றதாகப் பதிவேட்டில் இருந்தது.

மருத்துவர் அதற்கு ரியாக்ஷன் என்று பெயர் சொன்னார். கிருமிகளின் மிச்சத்தை உடலின் எதிர்ப்பு சக்தி ஆவேசமாகத் தாக்கும்போது, அது இருக்கும் தோலும் நரம்பும் வீங்குகின்றன. முழங்கையின் குறுகிய இடத்தில் வீங்கும் நரம்பு நசுங்குகிறது, விரல் வலு இழக்கிறது. விட்டுவிட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிரந்தரமாக மடங்கிப்போகும். தொழுநோய் என்றதும் ஊர் நினைக்கும் மடங்கிய விரல்கள் பெரும்பாலும் இப்படி, கவனிக்காமல் போன நரம்பு வீக்கத்தால் வந்தவை.

“மருந்தாலதான் வந்துச்சுன்னு நிறுத்திட்டேன் டாக்டர்.”

“மருந்தை நிறுத்தக் கூடாதும்மா. இது அலர்ஜி இல்ல. வீக்கத்துக்குத் தனியா மருந்து தர்றேன், அட்டையும் கூடவே போகட்டும்.”

எடைக்கேற்ப பிரெட்னிசோலோன் தொடங்கினார்கள். பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. கையை அசையாமல் வைக்கக் கொஞ்ச நாள் துணிக்கட்டு. புதிதாக வந்த பலவீனம், ஆறு மாதத்துக்குள் கண்டு சிகிச்சை தொடங்கினால், திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. பையனுக்குச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஏழாவது அட்டை வாங்க வந்தபோது வலது சுண்டுவிரல் செவிலியரின் விரலை எதிர்த்து நின்றது.

மாதம் ஒருமுறை கண்ணெதிரே விழுங்கச் சொல்வதன் இன்னொரு பயன் இதுதான். மாத்திரைக்காக வரவழைக்கும் அந்த நாளில், பிள்ளையின் கையையும் காலையும் கண்ணையும் ஒருவர் தொட்டுப் பார்க்கிறார். எனக்கு விரல் வலு குறைகிறது என்று பிள்ளை தானாகச் சொல்லாது. வலி இல்லாமலேயே நரம்பு கெடுவதும் உண்டு. மாத்திரையை மட்டும் யாரோ வாங்கிப் போய்விட்டால் அந்தச் சோதனை தவறிப்போகும்.

எதற்கு நிறுத்த வேண்டும், எதற்கு வேண்டாம்

தாய் தகப்பனுக்குக் குழப்பம் வருவது மூன்று இடத்தில். மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

முதலாவது, நிறம். மாத வேளை எடுத்த நாளில் சிறுநீர் சிவந்தாலும், வாரக்கணக்கில் தோல் கறுத்தாலும் மருந்தைத் தொடரலாம்.

இரண்டாவது, ரியாக்ஷன். ஏற்கெனவே இருந்த படைகள் சிவந்து தடிக்கும், நரம்பு வலிக்கும், கையோ பாதமோ வலு குறையும், கண் முழுதாக மூடாமல் போகும். அட்டையைத் தொடர வேண்டும். அடுத்த புதன் வரை காத்திராமல் அன்றே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சை முடிந்த பின்னும் இது வரலாம்.

மூன்றாவது, டாப்சோன் ஒவ்வாமை. இது அரிது, ஆனால் ஆபத்து. பெரும்பாலும் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். காய்ச்சல் அடிக்கும். பழைய படைகளில் மட்டும் என்றில்லாமல் உடல் முழுக்க அரிப்பும் தடிப்பும் பரவும், தோல் உரியும், கண் மஞ்சளாகும். இந்த ஒன்றில் மாத்திரைகளை அப்போதே நிறுத்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

டாப்சோன் இன்னொரு விதத்திலும் தொல்லை தரும். சில பிள்ளைகளின் இரத்த சிவப்பணுக்கள் பிறவியிலேயே அதைத் தாங்கா. அவை உடைந்து இரத்தசோகை வரும். தொடங்குமுன் இரத்த அளவைப் பார்ப்பது இதனால்தான். பிள்ளை வெளுத்துப்போய், மூச்சிரைத்து, கட்டன் தேநீர் நிறத்தில் சிறுநீர் கழித்தால் அது ரிஃபாம்பிசினின் சிவப்பு அல்ல. அந்தச் சிவப்பு ஒரு நாளில் தெளியும். இது தெளியாது. மருந்தைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். டாப்சோனை நிறுத்த வேண்டி வந்தால் என்ன மாற்று என்பதை அவர் முடிவு செய்வார்.

கடைசி அட்டை

தங்கைக்கு ஆறாவது அட்டை முடிந்தது. அவள் எடை 17 கிலோ ஆகியிருந்தாள். தொடைப் படைகள் வெளிறியபடியே இருந்தன. “இன்னும் போகலையே சிஸ்டர், இன்னும் ரெண்டு மாசம் குடுத்துப் பாக்கலாமா?” என்றார் அம்மா. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கிருமி செத்தாலும் தோலின் நிறமும், சில இடத்தில் உணர்வும், திரும்ப நாளாகும். சில தழும்பாகவே தங்கும். அட்டைகள் முடிந்தால் சிகிச்சை முடிந்தது. படை மறைவதற்காகக் கூடுதல் மாத்திரை தேவையில்லை. புதிய படை தோன்றினாலோ, பழையது சிவந்தாலோ, நரம்பு வலித்தாலோ மட்டும் திரும்ப வர வேண்டும்.

வீட்டில் நோய் இல்லாத மற்றவர்களைப் பரிசோதித்து, பாதுகாப்புக்காக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் அதையும் செவிலியர் முன்னாலேயே விழுங்கினார்கள்.

அண்ணனுக்கு இன்னும் ஆறு புதன்கள் பாக்கி. தங்கைக்கு இனி வரவேண்டிய வேலை இல்லை. ஆனாலும் அடுத்த முறை அவளும் கூட வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் உள்ளங்கையில் விழுவதை எண்ணினாள்.

“ஆறு. சரியா இருக்கு சிஸ்டர்.”

அண்ணன் விழுங்கிவிட்டு அவளிடம் வாயைத் திறந்து காட்டினான்.